ஒரு பாட் ரெண்டு ரூபா

எங்கள் நாலு பேரில் வெளிநாட்டுக் காசு பழகியவன் ஒருவன்தான். மாமல்லபுரத்தில் கடலுக்குப் போகிற தெருவில், இன்னொருத்தர் கடையில் ஒரு ஓரமாகப் பலகை போட்டுச் சிலை விற்கிறவன். அவனை நாங்கள் கல்லுக்கடைக்காரன் என்போம். அடுத்தவன் சதுரங்கப்பட்டினத்தில் ஃபைபர் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவன். அவன் படகுக்காரன். மூன்றாமவனுக்குச் சிறுசேரியில் கம்பெனி வேலை, கழுத்தில் தாம்புக்கயிறு மாதிரி எப்போதும் அடையாள அட்டை. அவன் ஆபீஸ்காரன். நாலாவது நான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய், செங்கல்பட்டிலிருந்து சிறுசேரிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். ஆபீஸ்காரன் தினமும் என் வண்டியில்தான் தூங்கிக்கொண்டு போவான்.

தாய்லாந்து போகலாம் என்ற பேச்சை ஆரம்பித்ததும் கல்லுக்கடைக்காரன்தான். அவனிடம் சிலை வாங்க வரும் தாய்லாந்துக்காரர்கள் சிலசமயம் அவர்கள் ஊர் பாட் நோட்டையே நீட்டுவார்கள். அவன் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். ஒரு பாட் இரண்டு ரூபாய் என்பது அவன் கடை விலை. அந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் அப்படித்தான், வெளிநாட்டு நோட்டுக்குக் கடைக்காரர்களே ஒரு விலை வைத்திருப்பார்கள். சந்தை விலையைவிடக் குறைவாக, தலையில் சட்டென்று பெருக்க வருகிற மாதிரி. அந்த வருஷம் ஒரு தாய்லாந்துக் குடும்பம் பத்தாயிரம் ரூபாய்ப் பிள்ளையாரை வாங்கிக்கொண்டு ஐயாயிரம் பாட் கொடுத்துவிட்டுப் போயிருந்தது.

படகுக்காரன் கேட்டது ஒரே கேள்வி.

"அங்க காசு இன்னா வெல மச்சான்?"

"ஒரு பாட் ரெண்டு ரூபா. நம்ம ஊரு மாதிரிதான்."

அந்த இரண்டு ரூபாயை நம்பித்தான் படகுக்காரன் வருகிறேன் என்றான். வீட்டில் பேசிச் சம்மதம் வாங்கியதும் அந்தக் கணக்கில்தான். விமான டிக்கெட் அவரவர் செலவு. அங்கே போன பிறகு ஆகிற செலவைச் சமமாகப் பிரித்துக்கொள்வது என்று பேச்சு.

கிளம்புகிற அன்று காலையில் கல்லுக்கடைக்காரன் அதே தெருவில் உள்ள நோட்டு மாற்றும் கடைக்குப் போய்ப் பத்தாயிரம் பாட் வாங்கினான். வரியெல்லாம் சேர்த்து இருபத்தெட்டாயிரம் ரூபாய் ஆனது. அதாவது ஒரு பாட் இரண்டு ரூபாய் எண்பது காசு. தன் கணக்குத் தப்பென்று அவனுக்கு அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் நாங்கள் மூன்று பேரும் என் வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். படகுக்காரன் வாழ்க்கையில் முதல்முறையாக ஷூ போட்டிருந்தான். அதைப் பார்த்த பிறகு கல்லுக்கடைக்காரனுக்கு விலையைச் சொல்ல வாய் வரவில்லை. வாங்கிய நோட்டையும் பிள்ளையார் விற்ற நோட்டையும் ஒரே பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறிவிட்டான்.

கடலோரத்துக்காரர்கள் இன்னொரு கடலைப் பார்க்கப் போனால் எப்படியிருக்குமோ அப்படித்தான் இருந்தது. தீவு சுற்றிக் காட்டிய படகில் படகுக்காரன் பின்னாலேயே போய் உட்கார்ந்து, எஞ்சின் ஓட்டுகிறவனைக் குறை சொல்லிக்கொண்டே வந்தான். "இன்னாடா இப்டி அலைல குறுக்க உடறான், இவனுக்குலாம் எவன் வண்டி குட்த்தான்." அந்த ஆள் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

செலவு பூராவும் கல்லுக்கடைக்காரன் கையால்தான் போனது. என் கார்டு ஊரைத் தாண்டினால் வேலை செய்யாது. ஆபீஸ்காரனிடம் பளபளப்பான கார்டு இருந்தது. ஆனால் வெளிநாட்டுச் செலவுக்கான வசதியை அதில் திறக்காமலே வந்துவிட்டான். அங்கிருந்து திறக்கலாம் என்றால் ரகசிய எண் வருகிற சிம் செத்துக் கிடந்தது. ஆபீஸ்காரன் கார்டு பர்ஸுக்குள் அழகுக்கு இருந்தது. கல்லுக்கடைக்காரன்தான் விவரமாக எல்லாம் செய்துகொண்டு வந்திருந்தான். அவன் கார்டு சம்பளத்தை வைத்துக் கொடுத்ததல்ல. வங்கியில் அறுபதாயிரம் ரூபாய் டெபாசிட் போட்டு, அதன் மேல் வாங்கிய கார்டு.

ஓட்டலுக்குப் பன்னிரண்டாயிரம் பாட், கார்டில். கடைசி நாள் இறாலும் நண்டுமாக ஒரு பெரிய சாப்பாடு, நாலாயிரம் பாட், அதுவும் கார்டில். வேன், படகு, டிக்கெட், சில்லறைச் சாப்பாடு எல்லாம் சேர்த்துப் பதின்மூவாயிரம் பாட் பையிலிருந்து. ஆக மொத்தம் இருபத்தொன்பதாயிரம் பாட். பையில் இரண்டாயிரம் மிச்சம். "ஊருக்குப் போயி பாத்துக்கலாம்" என்றே ஒவ்வொரு தடவையும் சொன்னான். நாங்களும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினோம்.

ஊருக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அவன் பலகைப் பக்கம் போனேன். ஒரு ஆமைச் சிலைக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தான். ஆமையின் முதுகு வழவழவென்று ஆகியும் விடவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"டேய், இன்னும் தேச்சா அது தவளையா பூடும்" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. போனை எடுத்து நீட்டினான். கார்டு பில் வந்திருந்தது. நாற்பத்தைந்தாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு ரூபாய்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அதே தெருவில் ஒரு சின்னக் கடை காலியாகிறது. கடை முதலாளி எண்பதாயிரம் அட்வான்ஸ் கேட்கிறார், மாசக் கடைசி வரை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இவனிடம் இருக்கிற ஒரே பெரிய பணம் அந்த அறுபதாயிரம் டெபாசிட். அதை எடுக்க வேண்டும் என்றால் கார்டை மூட வேண்டும். கார்டை மூட வேண்டும் என்றால் பில்லில் ஒரு ரூபாய் பாக்கி இருக்கக் கூடாது. இவ்வளவு நாள் அடுத்தவர் கடை ஓரத்தில் உட்கார்ந்தவன் சொந்த ஷட்டர் தூக்குவானா மாட்டானா என்பது இப்போது எங்கள் மூன்று பேர் கையில் இருந்தது.

"சரி, எங்க பங்கு இன்னா ஆச்சு, சொல்லு."

"தலைக்குப் பதினாலாயிரத்து ஐநூறு குடுங்கடா."

"எப்டி?"

"இருபத்தொம்பதாயிரம் பாட். ரெண்டால பெருக்கு. நாலால வகு."

ஒன்பதாவது ஃபெயிலுக்கே அது இடித்தது. "மூணு பேரு குட்த்தா நாப்பத்தி மூவாயிரத்தி ஐநூறு. கார்டு பில்லுக்கே ரெண்டாயிரம் கிட்ட துண்டு உழுதே. நீ கையால போட்ட காசு எங்க கீது?"

"ரெண்டு ரூபான்னு சொன்னது நான். அத நம்பித்தான வந்தீங்க. நான் சொன்ன ரேட்டு, என்னோட போவட்டும்."

"கட?"

ஆமையைத் திருப்பி வயிற்றுப் பக்கம் தேய்க்க ஆரம்பித்தான். "அடுத்த வருசம் வேற கட வரும்."

அவன் அப்படிச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் கேலி பண்ணிவிட்டுப் போயிருப்பேன். அவன் அதை முன்னாலேயே முடிவு செய்து, அழுது தீர்த்து, துடைத்துவிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தான். அந்த எண்பதாயிரத்தை அவன் கையில் சேர்க்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன். காரணம் நட்பு மட்டும் இல்லை. அந்த இறாலில் பாதியைத் தின்றவன் நான்.

மறுநாள் காலை வேனில் ஆபீஸ்காரனைத் தூங்க விடவில்லை. முன்சீட்டில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் நியாயஸ்தன்தான். உடனே போனைத் தட்டினான்.

"ரெண்டெல்லாம் தப்புடா. இன்னிக்கி நெட்ல ரெண்டு எழுபது காட்டுது. இதுதான் நடு ரேட்டு, யாருக்கும் சாயாது. இருபத்தொம்பதாயிரத்த அதால பெருக்குனா எழுபத்தெட்டாயிரத்து முந்நூறு. தலைக்குப் பத்தொம்பதாயிரத்து ஐநூத்தி எழுபத்தஞ்சு. அனுப்பிடறேன்."

"நெட்டு இன்னா, அவன் கார்டு பில்ல கட்டப் போவுதா?"

"இன்னா சொல்ற?"

"உன் போன்ல காட்ற ரேட்டுக்கு எவனாவது நோட்டு குட்த்தானாடா? இருந்தா கூட்டினு வா, நான் வேன வித்து வாங்கறேன்."

பின்சீட்டில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். ஆபீஸ்காரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கல்லுக்கடைக்காரனிடம் சொல்லி பில்லை அனுப்பச் சொன்னான். ஒரு சிக்னலில் நின்றபோது வரிவரியாகப் படித்தான். ஓட்டலுக்கு இரண்டு எழுபது கணக்கில் முப்பத்திரண்டாயிரத்து நானூறு போட்டிருந்தது. அதன் கீழே, வெளிநாட்டுக் காசில் தேய்த்ததற்கு வங்கி நூற்றுக்கு மூன்றரை ரூபாய் சேர்த்திருந்தது. அந்தக் கூலிக்கு மேல் பதினெட்டு சதவீதம் வரி வேறு. எல்லாம் சேர்ந்து முப்பத்து மூவாயிரத்து எழுநூற்று முப்பத்தெட்டு.

"பாத்தியா, ரேட்டு நீ சொன்னதுதான். அதுக்கு மேல வாலு ஒண்ணு கீது" என்றேன்.

அடுத்த வரியில் அவன் கண் நின்றுவிட்டது. கடைசி நாள் சாப்பாடு. நாலாயிரம் பாட். ஓட்டல் மாதிரி கணக்குப் போட்டால் பதினோராயிரத்து இருநூற்று நாற்பத்தாறுதான் வர வேண்டும். பில்லில் பதினோராயிரத்து அறுநூற்று ஐம்பத்தாறு.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சாப்பிட்டு முடித்ததும் பரிமாறிய பெண் கார்டு மெஷினை நீட்டினாள். பாட்டில் கட்டுகிறாயா, ரூபாயில் கட்டுகிறாயா என்று அது கேட்டது. கல்லுக்கடைக்காரன் யோசிக்கும் முன்னால் எட்டி ரூபாயை அமுக்கியது இந்த ஆபீஸ்காரன்தான். நம்ம ஊர்க் காசில் தெரிந்தால் நிம்மதி என்றான். ரூபாயை அமுக்கினால் அந்த மெஷின் கம்பெனி தன் விலையைப் போட்டுக்கொள்ளும். பாட்டுக்கு இரண்டு எண்பத்தெட்டு போட்டிருந்தது. இந்தப் பக்கம் வங்கியும் சும்மா இருக்கவில்லை. ரூபாயிலேயே தேய்த்தாலும் கடை வெளிநாட்டில் இருக்கிறதே என்று நூற்றுக்கு ஒரு ரூபாயும் அதற்கு வரியும் போட்டிருந்தது.

"ஒரு வெரலு, நானூத்திப் பத்து ரூபா" என்றேன். "உன் வெரலு இன்னா காஸ்ட்லியா கீதுடா."

"அத நான் தனியா குடுத்துடறேன்" என்றான், முகம் சிவந்து.

"மொதல்ல மிச்சத்துக்கு வழி பண்ணு. போன்ல வந்த ரேட்டுன்னு இனிமே பேசாத. அவன் அக்கவுண்டுலேர்ந்து எத்தினி ரூபா போச்சோ, அத்தினி ரூபா. அதான் ரேட்டு."

ஆபீஸ்காரன் ஒப்புக்கொண்டான். ஆனால் ஒரு கேள்வி கேட்டான், அது எனக்கும் பதில் தெரியாத கேள்வி. "கார்டுக்குப் பில்லு கீது. பையில இருந்த நோட்டுக்கு? வாங்குன நோட்டு ரெண்டு எண்பது, புள்ளையார் நோட்டு ரெண்டு. எல்லாம் ஒண்ணாக் கலந்துகினு இருந்துது. எந்தச் செலவு எந்த நோட்டுல ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

சனிக்கிழமை கல்லுக்கடைக்காரனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் மாமல்லபுரத்தில் அந்த நோட்டு மாற்றும் கடைக்குப் போனோம். மிச்சமிருந்த இரண்டாயிரம் பாட்டை மாற்ற வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு மேல் பலகையில் ஒவ்வொரு நாட்டுக் காசுக்கும் இரண்டு விலை ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் நம்மிடம் வாங்குகிற விலை ஒன்று, நமக்கு விற்கிற விலை ஒன்று. வரி போக, பாட் ஒன்றுக்கு இரண்டு அறுபது கணக்கில் ஐயாயிரத்து இருநூறு ரூபாய் கைக்கு வந்தது.

வெளியே வந்து ஜூஸ் கடை நிழலில் நின்றோம். நான் ஒரு யோசனை சொன்னேன். எந்த நோட்டு எங்கே போனது என்று தேடுவானேன்? பைக்குள் எவ்வளவு ரூபாய் போனது, எவ்வளவு ரூபாய் திரும்பி வந்தது, நடுவில் காணாமல் போனதுதான் நாலு பேரும் தின்றது. ஆபீஸ்காரன் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தான். அதை நான் அனுபவிப்பதற்குள் கல்லுக்கடைக்காரன் கெடுத்தான்.

"அப்ப புள்ளையார் நோட்டு பத்தாயிரம்னு போடு. எனக்கு ரெண்டு ரூபாக்குத்தான வந்துது."

"அத கெளம்பறதுக்கு முன்னாடி இங்க கொண்டாந்து குட்த்திருந்தா இன்னா குட்த்திருப்பான்?"

"பதிமூணு குட்த்திருப்பான்."

"அப்ப பதிமூணு."

"மூவாயிரம் எனக்கு லாபம் ஆவுதேடா. ஃப்ரெண்டு கிட்ட லாபம் வெக்கறதா?"

"டேய், லாபம் உனக்கு அந்தத் தாய்லாந்துக்காரன் குட்த்தது. புள்ளையார வித்த அன்னிக்கே அது உன்னுது. எங்களுக்காகச் செலவு பண்ணலன்னா பதிமூவாயிரம் உன் பாக்கெட்ல இருந்துருக்கும். அத நாங்க எதுக்கு சாப்டணும்?"

"அப்ப நாம வெளிய வாங்கியிருந்தா பதினாலு ஆயிருக்கும்ல. அதப் போட்லாமே" என்றான் ஆபீஸ்காரன், எதிர்ப்பக்கத்திலிருந்து. அவனுக்கு ஒரு தடவை நியாயம் பிடித்துவிட்டால் நிறுத்தத் தெரியாது.

"நீ வேற ஏத்தாத. அவன் இழந்தது பதிமூணு. அதான் கணக்கு."

கல்லுக்கடைக்காரன் டம்ளரில் இருந்த மிச்ச ஜூஸைக் குடித்து முடித்தான். அப்புறம் மெதுவாகத் தலையாட்டினான். பைக்குள் போனது இருபத்தெட்டும் பதின்மூன்றும், நாற்பத்தோராயிரம். திரும்பி வந்தது ஐயாயிரத்து இருநூறு. போனது முப்பத்தைந்தாயிரத்து எண்ணூறு. அதோடு கார்டு பில்லைக் கூட்டினால் எண்பத்தோராயிரத்து நூற்றுத் தொண்ணூற்று நாலு. நாலால் வகுத்தால் இருபதாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டரை.

"இருபதாயிரத்து முந்நூறுன்னு வெச்சிக்க. ஒண்ணார் ரூபாயில நீ மாடி வூடு கட்டிக்க" என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் குடுங்கடா. சதுரங்கப்பட்டினத்துல மட்டும் இதக் கேக்காதீங்க" என்றான் அவன். "அவன் ரெண்டு ரூபான்னு வூட்ல சொல்லி எடுத்து வெச்சிருக்கான். அவனுக்கு மட்டும் அந்தக் கணக்கு இருக்கட்டும்."

அதாவது படகுக்காரனுக்குப் பதினாலாயிரத்து ஐநூறு. ஐயாயிரத்து எண்ணூறு துண்டு. கடை அட்வான்ஸில் அது ஓட்டை. போட்டுப் பார்த்தேன், எல்லாரும் முழுசாகக் கொடுத்தால் கார்டு பில் போகப் பதினைந்தாயிரத்து ஐநூறு மிஞ்சும். அறுபதாயிரம் டெபாசிட்டும் நோட்டு மாற்றிய ஐயாயிரத்து இருநூறும் சேர்ந்தால் எண்பதைத் தாண்டிவிடும். எழுநூறு ரூபாய்தான் மிச்சம். எங்கேயும் இடம் விட முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை நாஸ்தா முடித்ததும், வேண்டாம் வேண்டாம் என்ற கல்லுக்கடைக்காரனை வேனில் தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஆபீஸ்காரன் லீவு நாளிலும் கையில் கணக்குத் தாளோடு வந்திருந்தான். சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைச் சுவரோரம் வண்டியை நிறுத்திவிட்டுக் கரைக்கு நடந்தோம். படகுக்காரன் படகு நிழலில் உட்கார்ந்து, கால் பெருவிரலில் வலையை மாட்டிக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வா அண்ணாத்த, மூணு பேரா வந்துகிறீங்க. டப்பு கேக்க வந்தீங்களா?" என்றான். மனைவியைக் கூப்பிட்டுப் பணத்தை எடுத்துவரச் சொன்னான். "பதினாலாயிரத்து ஐநூறு. அப்பவே எடுத்து வெச்சிட்டேன்."

"அது பத்தாது" என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "இருபதாயிரத்து முந்நூறு."

வலை நின்றது. கல்லுக்கடைக்காரன், "விட்றா" என்று என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தான். நான் விடவில்லை. பில்லையும் பையையும் சொன்னேன், கடை விஷயத்தையும் சொன்னேன். படகுக்காரன் கடைசிவரை கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் அவனைப் பார்த்தான்.

"ரெண்டுன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"ரெண்டு எண்பதுன்னு சொல்லியிருந்தா அந்த எறா எனக்கு வேணாம்னுருப்பேன். எறா எனக்கு இன்னா, அதிசயமா? தினம் கைல புடிக்கறேன். அங்க போயி காசு குட்த்துத் தின்னுகினு வந்துகிறேன், ரெண்டுன்னு நெனச்சி."

அதில் நியாயம் இருந்தது. கல்லுக்கடைக்காரன், "அதான், நீ பதினாலரையே குடு, போதும்" என்றான். அதைக் கேட்டதும் எனக்கு மறுபடி பிடிவாதம் ஏறியது. இவன் இன்னொரு வருஷம் அடுத்தவன் கடை ஓரத்தில் உட்கார்ந்து ஆமையைத் தேய்ப்பதைப் பார்க்க என்னால் முடியாது.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு" என்றேன். "உங்க படகுல டீசல், ஐசு எல்லாம் போட்டுகினு போறீங்கள்ல. மீன வித்து வர்ற காசுல மொதல்ல அத எடுத்துட்டுத்தான பங்கு?"

"ஆமா. செலவு கழிச்சிட்டுத்தான் பங்கு. அது இல்லாம எவன் போவான்."

"காலைல ஒருத்தன் டீசலு இன்னா வெலன்னு கொறச்சி சொல்லிட்டான். நீங்களும் சரின்னு ஏறிட்டீங்க. பங்க்ல போட்ட பில்லு அதிகமா வந்துது. செலவு எப்டி கழிப்பீங்க? அவன் வாயால சொன்னதா, பில்லுல இருக்கறதா?"

படகுக்காரன் பெருவிரலிலிருந்து வலையைக் கழற்றினான்.

"பில்லுதான்" என்றான். "டீசல் எரிஞ்சிது எரிஞ்சிதுதான. போட்டவன் நஷ்டப்பட்டா அடுத்த தபா எவன் போடுவான்." வலையைச் சுருட்டி ஓரமாகப் போட்டான். "ஆனா கொறச்சி சொன்னவன நாங்க சும்மா உட மாட்டோம். நல்லா ரெண்டு ஏச்சு வாங்காம அவன் எறங்க முடியாது."

"அப்ப அதையும் குடு. பாக்கி வெக்காத."

கொடுத்தான். எழுந்து நின்று கல்லுக்கடைக்காரனை அவன் திட்டிய திட்டு இரண்டு இல்லை, அச்சில் வராது. பக்கத்துப் படகு நிழலில் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். திட்டில் ஒரு பகுதி நோட்டு மாற்றும் கடையிலிருந்து வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறியதற்கு. "அங்கியே சொல்லியிருந்தா அப்பவே கொறச்சி செலவு பண்ணியிருப்போம்ல, மடையா." கல்லுக்கடைக்காரன் மணலைப் பார்த்துக்கொண்டு அத்தனையையும் வாங்கிக்கொண்டான். முடிந்தபோது அவன் தோள் இறங்கியிருந்தது. ஏதோ பாக்கியைக் கட்டி முடித்த ஆள் மாதிரி இருந்தான்.

ஆபீஸ்காரன் அந்த நேரம் பார்த்து, "அந்த நானூத்திப் பத்து ரூபா என் தப்பு, என் பங்குல சேத்துடலாம்" என்று தாளை நீட்டினான்.

"இன்னாது அது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்ட படகுக்காரன் கையை ஆட்டிவிட்டான். "போடா. நீ அமுக்கும்போது நாலு பேரும் பக்கத்துலதான இருந்தோம். எவனாவது கைய புடிச்சானா? பொதுவுல போடு."

அவன் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருந்தார். பதினாலாயிரத்து ஐநூறை என் கையில் கொடுத்தார். "மீதி இப்ப இல்ல. இதுவே எடுத்து வெச்சது. ரெண்டு மூணு தபா கடலுக்குப் போயி வந்தாதான் ஆவும்" என்றார்.

மாசக் கடைசி அதுவரை காத்திருக்காது. ஆபீஸ்காரனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஐயாயிரத்து எண்ணூறை இரண்டாகப் பிரித்து ஆளுக்கு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் நாங்கள் முன்னால் போடுவது, படகுக்காரன் மெதுவாக எங்களுக்குக் கொடுப்பது என்று முடிவு.

"வட்டி கேப்பியா?" என்றான் படகுக்காரன்.

"மீனா குடு."

"பொடி மீனு தரேன். உன் மூஞ்சிக்கு அது போதும்."

ஆபீஸ்காரன் அங்கேயே நின்று இருபத்து மூவாயிரத்து இருநூறைப் போனில் அனுப்பினான். நான் ரொக்கத்தைக் கல்லுக்கடைக்காரன் கையில் வைத்து அழுத்தினேன். மூன்று பேரும் வேனுக்குத் திரும்பினோம். எனக்கு ஒரு பெரிய வழக்கை ஜெயித்த தோரணை. சாவியைத் திருகினேன், கண்ணாடியைச் சரிசெய்தேன். பின்சீட்டிலிருந்து கல்லுக்கடைக்காரன் இருமினான்.

"இன்னாடா?"

"ஒண்ணுமில்ல. உன்னுது இன்னும் வர்ல."

ஆபீஸ்காரன் அடையாள அட்டையை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தான். அந்த வாரம் முழுக்க அத்தனை பேரையும் துரத்தியதில் என் பங்கை நான் கொடுக்கவே இல்லை. வேனின் பின்டயர் இரண்டையும் மாற்ற வைத்திருந்த பணம் போனில் இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இருபத்து மூவாயிரத்து இருநூறை அனுப்பினேன். டிங் என்று அவன் போன் சத்தம் போட்டது. எடுத்துப் பூஜ்யங்களைக் கூட எண்ணிப் பார்த்தான், படுபாவி.

கார்டு பில்லை அன்றைக்கே வண்டியில் வைத்துக் கட்டினான். திங்கட்கிழமை செங்கல்பட்டில் வங்கிக்குப் போய்க் கார்டை மூட எழுதிக் கொடுத்தான். மூடி முடித்து டெபாசிட் கைக்கு வர சில நாள் ஆகும் என்றார்கள். தினமும் காலையில் ஆள் ஏற்றுவதற்கு முன்னால் அவனுக்குப் போன் போட்டு, வந்துதா வந்துதா என்று உயிரை எடுத்தேன். அவனே மறந்தாலும் நான் விடுவதாக இல்லை. மாசம் முடிய இரண்டு நாள் இருக்கையில் வந்துவிட்டது.

முதலாளி எண்பதாயிரத்தை இரண்டு தடவை எண்ணினார். ஷட்டர் துருப்பிடித்திருந்தது. அவன் ஒருவனால் தூக்க முடியவில்லை. நான் ஒரு பக்கம், ஆபீஸ்காரன் ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்துப் படகுக்காரன் ஒரு பை பொடி மீனோடு வந்து சேர்ந்து, பையைக் கீழே வைத்துவிட்டு நடுவில் கை கொடுத்தான். ஷட்டர் ஒரு முழம் ஏறி நின்றது, மறுபடி தம் பிடித்தோம், முழுசாக ஏறியது. உள்ளே தூசியும் ஒரு உடைந்த ஸ்டூலும் தவிர ஒன்றுமில்லை. கல்லுக்கடைக்காரன் முதலில் உள்ளே போய் எந்தச் சுவரோரம் ஆமைகளை அடுக்கலாம் என்று கையால் அளக்க ஆரம்பித்தான்.